முகத்தில் ஃபில்லர் போடும் முன்: யாரிடம், எதைக் கேட்டு, எதைப் பார்த்து?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை விழும் கோடுகளுக்கு ஃபில்லர் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். விசாரிக்கப் போன இடம் பளபளவென்று இருக்கிறது, சுவர் நிறைய சான்றிதழ்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. எதை வைத்து நம்புவது?

பதில்: முன்பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். இன்னொரு முறை போய், ஊசி போடப்போகிறவரிடம் நேரடியாக ஒன்று கேளுங்கள்: "ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" சான்றிதழ்களையும் சுத்தத்தையும் அதற்குப் பிறகு பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்லும் கோட்டை ஒட்டித்தான் முகத்தின் முக்கியமான தமனி மேலே ஏறுகிறது. அதன் கிளைகள் மேலுதட்டுக்கும் மூக்கு மடலுக்கும் ரத்தம் கொடுக்கின்றன. மூக்கின் பக்கவாட்டில் அவை கண்ணிலிருந்து வரும் குழாய்களோடு போய்ச் சேர்கின்றன. ஃபில்லர் என்பது கெட்டியான ஜெல். அது தவறி குழாய்க்குள் போனால் அங்கேயே அடைத்துக்கொள்ளும். ஊசியை அழுத்தும் வேகத்தில், ரத்தம் ஓடும் திசைக்கு எதிராகக் கண் வரை தள்ளப்பட்டுப் பார்வை போவதும் உண்டு. இது அரிதாக நடப்பது. ஆனால் நல்ல அனுபவம் உள்ள மருத்துவர் கையிலும் நடக்கக்கூடியது. அதனால்தான் "நடக்குமா?" என்று கேட்பதைவிட "நடந்தால்?" என்று கேட்பது முக்கியம்.

ஒருவருக்கு வலது பக்கம் போடும்போது இப்படி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலுதட்டின் ஓரமும் மூக்கு மடலும் திடீரென்று வெளுக்கின்றன. தெரிந்தவர் அந்த நொடியே ஊசியை நிறுத்துவார். தோலை விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பார்ப்பார். நல்ல ரத்த ஓட்டம் இருந்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் வெளுப்பு சட்டென்று தெரியாது, ஆகவே உதட்டின் உள்பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பார். நிறம் திரும்பவில்லை என்றால் ஹையலுரோனிடேஸ் என்ற மருந்தை அந்த இடம் முழுக்க ஊசியாகப் போடுவார். இது ஜெல்லைக் கரைக்கும் நொதி. ஒரு முறை போட்டால் போதாமல் போகலாம். மணிக்கொரு தரம் பார்த்து, நிறம் வரும்வரை திரும்பப் போட வேண்டியிருக்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, அந்த இடத்தை நீவியும் விடுவார்.

தெரியாதவர் என்ன செய்வார்? "லேசான வீக்கம்தான், ஐஸ் வையுங்கள், ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு அனுப்புவார். பல ஃபில்லர்களில் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் கலந்தே வருவதால் அப்போது வலிக்காது. அது வடிந்த பிறகு, வீட்டில் இருக்கும்போது வலி தொடங்கும். தோலில் வலை பின்னியதுபோல் ஊதா நிறக் கோடுகள் ஓடும். சில நாளில் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளங்கள் வரும். அதைப் பரு என்று நினைத்துக் களிம்பு கொடுத்தால் அத்தோடு பொன்னான நேரம் போயிற்று. கடைசியில் கறுத்த பொருக்கும், அது உதிர்ந்த இடத்தில் தழும்பும்தான் மிஞ்சும். ஐஸ் ரத்தக் குழாயைச் சுருக்கும் என்பதால், அடைப்பு இருக்கும்போது அது பாதகமும்கூட.

இப்போது அவர்கள் சொல்லக்கூடிய பதில்களுக்கு வருவோம். "எங்களிடம் அப்படி நடந்ததே இல்லை" என்றால் எழுந்து வந்துவிடலாம். "நாங்கள் ஊசி போடுவதில்லை, முனை மழுங்கிய கேனுலாதான், அதில் ஆபத்தே கிடையாது" என்றாலும் அதே முடிவுதான். கேனுலா ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. "ஹையலுரோனிடேஸ் இங்கேயே இருக்கிறது, இதோ" என்று எடுத்துக் காட்டுகிறவர்களிடம் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் வெளியிலிருந்து வரவழைப்போம் என்பது பதிலே அல்ல. அப்புறம், ராத்திரி பதினோரு மணிக்கு வலி வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, யார் எடுப்பார்கள் என்றும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம் இதோடு சேர்ந்தது. ஹையலுரோனிடேஸ், ஹையலுரோனிக் அமில ஜெல்லை மட்டும்தான் கரைக்கும். வேறு வகை ஃபில்லர்களும் உண்டு. கால்சியம் சேர்ந்தவை உண்டு, நிரந்தரமாகத் தங்கிவிடுபவையும் உண்டு. திரவ சிலிக்கோன் போட்டுவிட்டால் கரைக்க எதுவுமே கிடையாது. ஆகவே போடப்போவது எது என்று பெயரைக் கேளுங்கள். "பெயர் எதற்கு, நல்ல வெளிநாட்டுச் சரக்கு" என்று மழுப்புகிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

பொருளின் பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். ஜெல் ஏற்கெனவே அடைக்கப்பட்ட சிரிஞ்சாகத்தான் முத்திரையிட்ட உறைக்குள் வரும். உறையில் பெயர், தொகுப்பு எண், காலாவதித் தேதி இருக்கும். உரித்து ஒட்டக்கூடிய சிறு ஸ்டிக்கர்களும் பெரும்பாலும் கூடவே வரும். ஒன்று அவர்கள் வைத்திருக்கும் உங்கள் சிகிச்சைக் குறிப்பேட்டில் ஒட்டப்பட வேண்டும், இன்னொன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கட்டி தட்டினால், உள்ளே இருப்பது என்ன என்று வேறொரு மருத்துவருக்குச் சொல்ல அதுதான் ஆதாரம். நீங்கள் உட்காரும் முன்பே தட்டில் லேபிள் இல்லாத சிரிஞ்ச் தயாராக இருந்தால், போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "பாதிதான் போட்டோம், மீதியை உங்கள் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைக்கிறோம், அடுத்த முறை போடலாம்" என்பதை ஏதோ சலுகை மாதிரி சொல்வார்கள். பிரித்த சிரிஞ்ச் அன்றோடு குப்பைக்குப் போக வேண்டியது.

சுவரில் இருக்கும் சான்றிதழ்களைத் தள்ளி நின்று பார்க்காமல் கிட்டே போய்ப் படியுங்கள். பலவற்றில் "கலந்துகொண்டார்" என்றுதான் இருக்கும், இரண்டு நாள் பயிற்சி, அதுவும் ஒரு ஃபில்லர் கம்பெனியே நடத்தியது. நான் தேடுவது வேறு: அடிப்படை மருத்துவப் பட்டம், அதன்மேல் தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையிலோ மேற்படிப்பு, மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண். பல நாடுகளில் பெயரைப் போட்டால் இணையத்திலேயே பதிவைப் பார்த்துவிடலாம். சில நாடுகளில் பல் மருத்துவரோ செவிலியரோ போடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படியானால் பொறுப்பு எந்த மருத்துவருடையது, அவர் அந்த நேரத்தில் அதே கட்டடத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். பேசுவது ஒருவர், ஊசி போடுவது இன்னொருவர் என்ற ஏற்பாடு சகஜம். ஆகவே யார் கை என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டங்களைவிட நான் பெரிதாக நினைக்கும் அடையாளம் ஒன்று உண்டு: அவர் உங்களிடம் என்ன கேட்டார்? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உதட்டில் அக்கி வருவதுண்டா, கர்ப்பமா, முன்பு முகத்தில் ஏதாவது போட்டதுண்டா, சமீபத்தில் பல் சிகிச்சை நடந்ததா, ஒவ்வாமை உண்டா. இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் தள்ளுபடிக் கெடுவை மட்டும் நினைவுபடுத்துகிறவர், விற்பனைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சுத்தம் என்றால் தரை மினுங்குகிறதா என்று பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். ஒப்பனை முழுக்கத் துடைத்து, கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்து, அது காய்ந்த பிறகுதான் ஊசி வர வேண்டும். கையுறை போட்ட அதே கையால் கைபேசியை எடுத்து உங்களைப் படம் பிடித்து, இழுப்பறையையும் திறந்துவிட்டு, திரும்ப முகத்தைத் தொட்டால் அந்தக் கையுறைக்கு அர்த்தமில்லை. பயன்படுத்திய ஊசிகளைப் போடக் கெட்டியான தனிப் பெட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்தது அப்படி. நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து, நுண் ஊசிகளால் முகத்தில் ஏற்றும் சிகிச்சை ஒன்று உண்டு. உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் அதைச் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு 2018-இல் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. வேறு வழியில் அவருக்குத் தொற்றியதற்கான காரணம் எதுவும் தெரியவில்லை. அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது லேபிள் இல்லாத ரத்தக் குப்பிகள் இருந்தன. ஊசி மருந்துகள் சமையலறை ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தன, உறை பிரித்த சிரிஞ்சுகள் இழுப்பறைகளில் கிடந்தன. நீராவியில் கிருமி நீக்கும் கருவியே இல்லை. ஒரு தடவை பயன்படுத்தி எறிய வேண்டியவற்றைத் துடைத்துத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். 3 பேருக்கு அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும் என்று 2024-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதியது. ஆகவே ஃபில்லரை விட்டுவிட்டு நுண் ஊசி சிகிச்சைக்கு மாறினாலும், ஊசி முனை புதிய உறையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ரத்தம் எடுத்த குப்பியில் உங்கள் பெயர் ஒட்டப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஊசியே இல்லாமல் காற்றழுத்தப் பேனாவால் ஃபில்லர் ஏற்றுவதாகச் சொன்னால், அது ஊசியைவிடப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கருவிகளுக்கு எதிராக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இலேயே எச்சரித்திருக்கிறது.

எல்லாம் விசாரித்துத் திருப்தியாக இருந்தால், முதல் சந்திப்பில் ஊசி வேண்டாம், பேச மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சில சமயம், உங்களுக்கு ஃபில்லரே தேவையில்லை என்றும் சொல்வார்.

போட்டுக்கொண்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனாலோ, தோல் வெளுத்தாலோ, ஊதா வலை தெரிந்தாலோ மறுநாள் வரை காத்திராமல் அன்றே திரும்பிப் போங்கள். பார்வை மங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், அல்லது கண்ணில் கடும் வலி வந்தால், கண் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள். வழியிலேயே ஃபில்லர் போட்டவரையும் அழைத்துச் சொல்லுங்கள், அந்த ஸ்டிக்கரையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரைக்கு ரத்தம் நின்றால், அதைக் காப்பாற்ற இருக்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு.