"கையை விட்டுவிட்டார்" என்று ஒரே வரியில் முடியாத விபத்து அறிக்கை

"எங்கள் ஷிப்டில் பவர் பிரஸ் ஓட்டுபவருக்கு இடது கை விரல் நசுங்கிவிட்டது. மெஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு இல்லை. அவர் சொல்வதைக் கேட்டு அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. 'கவனக்குறைவாகக் கையை விட்டார்' என்று எழுதினால் போதுமா?"

போதாது. கவனக்குறைவு என்பது உங்கள் தீர்ப்பு, அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொன்னதை அவர் வாய் வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் கண்ணால் பார்த்ததைத் தனிப் பத்தியாக வையுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் அடிக்கும் பிரஸ்ஸில் மேலும் கீழும் போய்வந்து அடிக்கும் பாகமான ராம் மேலிருந்து கீழே வர அரை விநாடிதான் ஆகும். சாவி கிளட்ச் உள்ள பழைய மாடல் என்றால், கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால் சுற்று முழுதும் முடியாமல் நிற்காது, பெடலிலிருந்து காலை எடுத்தாலும் சரி. அதனால் "ஏன் கையை எடுக்கவில்லை" என்று அவரைக் கேட்பதில் அர்த்தமே இல்லை. கேட்க வேண்டியவை இரண்டு: பீஸை அடிக்கும் அச்சான டைக்குள் கை ஏன் இருந்தது? அந்த நேரத்தில் ராம் எதனால் இறங்கியது?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "பீஸ் ஒட்டிக்கிச்சு சார்" என்று பதில் வரும். அங்கே நிறுத்திவிடாமல், எதில் ஒட்டியது, ராமோடு இறங்கும் பன்ச்சிலா கீழ் டையிலா, வழக்கமாக எதை வைத்து எடுப்பார், இடுக்கி கைக்கெட்டும் இடத்தில் இருந்ததா என்று கேளுங்கள். அப்போதுதான் அன்றைக்கு இருநூறாவது தடவையாகக் கையை விட்டாரா, முதல் தடவையா என்பது வெளியே வரும், அது அறிக்கையின் போக்கையே மாற்றிவிடும்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் நுணுக்கமானது. "நான் மிதிக்கவே இல்லை, தானாக இறங்கிச்சு" என்று அவர் சொன்னால் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். கிளட்ச் சாவியோ அதைத் தடுத்து நிறுத்தும் பூட்டோ தேய்ந்திருந்தாலும், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் மிதிக்காமலே இரண்டாவது அடி விழும். பிரேக் தளர்ந்திருந்தால் ராம் மேலே போய் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி லேசாக இறங்கி நிற்கும், சில நாட்களாக அப்படி நின்றதா என்று கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு: கால் பெடலிலேயே இருந்து அடுத்த ஸ்ட்ரோக் விழுவது. இதைக் கேட்கும்போது குற்றம்சாட்டும் தொனி வேண்டாம், "அந்த நேரத்தில் உங்கள் கால் எங்கே இருந்தது?" என்றால் போதும். மெயின்டனன்ஸ் ஆள் கிளட்ச்சைப் பிரித்துப் பார்க்கும் வரை யாரும் அதை ஓட்டிப் பார்க்கக் கூடாது.

அப்புறம் கார்டு. "கார்டு இல்லை" என்பது பாதி வாக்கியம். என்றைக்குக் கழற்றினார்கள், எந்த டை மாற்றும்போது, யார் சொல்லி, இப்போது அது எங்கே கிடக்கிறது? விபத்து நடந்த அன்று மாலையே யாராவது அதை மாட்டிவிடுவார்கள், இது நான் பல இடத்தில் பார்த்தது. அதற்கு முன்னால் போல்ட் ஓட்டைகளைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். ஓட்டைக்குள் எண்ணெயும் தூசியும் அடைந்து கறுத்திருந்தால் அது நேற்றுக் கழற்றிய கார்டு இல்லை.

காயத்தை "இரண்டாவது விரல்" என்று எழுதாதீர்கள், ஒருவர் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் அதை விட்டுவிட்டு எண்ணுவார். எந்தக் கை, விரலின் பெயர், எந்தக் கணு வரை, நசுங்கியதா துண்டானதா என்று எழுதுங்கள். எலும்பு முறிவை மருத்துவர் எழுதட்டும்.

இப்படி எழுதினால் கிட்டத்தட்ட இந்த மாதிரி வரும்:

"காலை 11 மணி வாக்கில் வாஷர் அடித்துக்கொண்டிருந்தேன். பீஸ் பன்ச்சில் ஒட்டியது. இடுக்கி இல்லை, இடது கையால் எடுக்கப் போனேன். வலது கால் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. ராம் மறுபடி இறங்கியது. இடது ஆள்காட்டி விரல் நகக்கணு வரை நசுங்கியது. திங்கட்கிழமை டை மாற்றியபோது முன் கார்டைக் கழற்றினார்கள், புது பீஸ் அதன் வழியாக நுழையவில்லை என்பதால் திரும்ப மாட்டவில்லை. முந்தின நாளும் ஒரு தடவை இரட்டை அடி விழுந்தது, ஷிப்டில் சொன்னேன்."

இதில் கடைசி வரி அவர் தானாகச் சொல்லாதது, "இதற்கு முன்னால் இப்படி நடந்ததா?" என்று கேட்ட பிறகு வந்தது. அப்படி வந்ததைக் கேள்வியோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

வலி மருந்தின் மயக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். தெளிந்த பிறகு முழுதும் படித்துக் காட்டுங்கள், அவர் மாற்றச் சொன்னால் பழைய வரியை ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் புதியதை எழுதித் தேதி போடுங்கள், புதுத் தாளில் சுத்தமாக எழுதிப் பழையதைக் கிழித்துப் போடாதீர்கள்.