எண்ணெய் தெறித்த கைக்கு எந்தக் கட்டு வாங்குவது?

கேள்வி: நேற்று மதியம் வடை சுடும்போது எண்ணெய் தெறித்து இடது முன்கையில் இரண்டு கொப்புளம். குழாயில் காட்டினால் தண்ணீரே சுட்டது, கையை எடுத்துவிட்டேன். ஒன்று ஒரு ரூபாய் காசு அளவு, முழுசாக இருக்கிறது. மொச்சைக்கொட்டை அளவில் இருந்த இன்னொன்று வளையல் பட்டு உடைந்துவிட்டது. பெரியதையும் ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிடு என்கிறார் அத்தை. மெடிக்கலில் பஞ்சு, வெள்ளைக் களிம்பு, பிசுபிசுவென்று ஒரு வலைத்துணி மூன்றையும் காட்டினார்கள். எதை வாங்குவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அந்தப் பிசுபிசு வலைத்துணியை வாங்குங்கள். பெயர் பாரஃபின் காஸ். கூடவே சுத்திகரித்த காஸ் பேட் ஒன்றும், சுற்றுகிற பேண்டேஜ் ரோல் ஒன்றும் போதும். பஞ்சும் களிம்பும் வேண்டாம். பெரிய கொப்புளத்தைக் குத்த வேண்டாம்.

முதலில் கொப்புளம். உள்ளே இருப்பது சீழ் இல்லை. சூட்டில் மேல்தோல் கழன்று, அடியிலிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த நீர் அது. மேலே நிற்கிற மெல்லிய தோல்தான் இப்போது உங்கள் புண்ணுக்கு மூடி. கடையில் காசு கொடுத்து வாங்கும் எந்தக் கட்டும் அந்த அளவுக்குப் பொருந்தி உட்காராது. குத்தினால் கிருமி போக வழி திறக்கும், நரம்பு நுனிகளில் காற்றுப் பட்டு எரிச்சலும் கூடும். குத்தாமல் விட்டால் பெரும்பாலும் சில நாளில் நீர் தானாக உறிஞ்சப்பட்டுத் தோல் சுருங்கும். மணிக்கட்டு, விரல் மூட்டு போன்ற இடத்தில் பெரியதாக, மடக்க முடியாத இறுக்கத்தில் நின்றால் மட்டும் திறப்பதா என்ற பேச்சு வரும். அதை மருத்துவர் பார்த்து, சுத்தமான கருவியால் செய்வார். தையல் ஊசியை நெருப்பில் காட்டிவிட்டு வீட்டில் செய்கிற வேலை அல்ல. அத்தையிடம் இதையே சொல்லுங்கள், அவர் உங்கள் வலியைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

உடைந்த சின்னதின் தோலை உரிக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, கொதித்து ஆறிய தண்ணீரைப் புண்மீது மெல்ல ஊற்றி, சுத்தமான காஸால் ஒற்றி எடுங்கள். தொங்குகிற தோலை அது இருந்த இடத்திலேயே படுக்க வைத்துவிடுங்கள்.

இனி கட்டு. பாரஃபின் காஸ் தனித்தனி உறையில் வரும். உறையைப் பிரித்தால் இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே கொசுவலை மாதிரி ஒரு துணி, வாஸ்லின் தடவியதுபோல் இருக்கும். அந்தப் பசையால் புண்ணில் ஒட்டாது. வலையின் கண்கள் வழியே கசிகிற நீர் மேலேறி பேடில் போய்விடும். பஞ்சு இதற்கு நேர் எதிர். சில வருஷம் முன்பு காட்பாடியில் என் அண்ணிக்குக் கஞ்சி கொட்டிய கையில் கடைக்காரர் கொடுத்த பஞ்சை வைத்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது பஞ்சு காய்ந்து தோலோடு ஒன்றாகியிருந்தது. ஆறிய வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து இழை இழையாகப் பிரித்தோம், அப்படியும் புதிதாக வந்த தோல் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. அன்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெள்ளைக் களிம்பு பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடயசினாக இருக்கும். தீப்புண் என்றதும் கை அதற்குத்தான் போகும், இத்தனை வருஷப் பழக்கம். ஆனால் உங்களுடையது போன்ற சின்ன, மேலோட்டமான புண்ணில் அது ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. போதாததற்குப் புண்மேல் வெளிறிய படலம் படிந்து, அடியில் நிறம் மாறுகிறதா என்று மருத்துவருக்கே தெரியாமல் மறைக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளும் அதைத் தொடவே கூடாது.

கடையில் 10 × 10 செ.மீ. அளவு கேளுங்கள். புண்ணின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு செ.மீ. மூட வேண்டும், உங்களுக்கு இது தாராளம். முழுப் பெட்டி வேண்டாம், மூன்று நான்கு உறை போதும். உறை ஒட்டுப் பிரியாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி, அதிகபட்ச விலை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பிரித்த உறையிலிருந்து வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சுத்தமாக இருக்கும் என்பதற்கு உறைதான் உத்தரவாதம். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் பில் வாங்கிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். கிருமிநாசினியோ ஆன்டிபயாடிக்கோ சேர்த்த வலைத்துணியும் கிடைக்கும், விலை கூட. சுத்தமான புண்ணுக்கு அது தேவையில்லை, சிலருக்கு அதில் உள்ள மருந்தே அரிப்பைக் கிளப்பும்.

இரண்டு கொப்புளத்துக்கும் சேர்த்தே ஒரு துண்டை வைத்து, மேலே பேட், அதற்கு மேல் தளர்வாக பேண்டேஜ். கட்டிய பிறகு விரல் வெளுத்தாலோ மரத்தாலோ இறுக்கம் அதிகம். இடது கை வளையலையும் மோதிரத்தையும் இப்போதே கழற்றிவிடுங்கள், வீக்கம் வந்தபின் கழறாது. முதல் கட்டை இரண்டு நாளில் பிரித்துப் பார்த்து மாற்றுங்கள், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. நனைந்து ஊறினால் அன்றைக்கே.

தண்ணீர் விஷயத்தில் உங்கள்மேல் தவறே இல்லை. கோடையில் மதியம் நம்ம வேலூர்ப் பக்கம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் அப்படித்தான் வரும், அதில் கை காட்டுவதில் பயன் இல்லை. ஓடுகிற குளிர்ந்த நீரில் 20 நிமிடம் என்பது கணக்கு. சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூட உள்ளே போகிற சூட்டின் சேதம் குறையும். நேற்று மதியம் பட்டதற்கு இனி அதனால் பலன் கிடையாது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் கிணற்று நீரோ சம்ப்பிலிருந்து எடுத்ததோ மண்பானை நீரோ, ஒரு குடத்தைப் பக்கத்தில் வைத்து, சொம்பால் மெல்லிய தாரையாக விடாமல் ஊற்றச் சொல்லுங்கள். கீழே பேசின் வைத்தால் குடம் தீர்ந்ததும் அதே நீரை, சூடேறாத வரை, திரும்ப ஊற்றலாம். ஐஸ் வேண்டாம், அது ஏற்கெனவே வெந்த தோலின் ரத்த ஓட்டத்தை இன்னும் சுருக்கிவிடும். பற்பசை, மாவு, இங்க் எதுவும் வேண்டாம்.

இன்று மாலை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். உடைந்த இடம் ஈரமாக, இளஞ்சிவப்பாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் மேலோட்டமான புண். ஒன்று இரண்டு வாரத்தில் ஆறும். வெளுத்தோ பழுப்பாகவோ, தொட்டாலும் உணர்ச்சி இல்லாமலோ இருந்தால் ஆழம் அதிகம், வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சுற்றிலும் சிவப்பு பரவுதல், நாற்றம், சீழ், காய்ச்சல், குறைந்த வலி மறுபடி ஏறுதல், இரண்டு வாரமாகியும் மூடாமை – இதில் எது வந்தாலும் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கிருந்து தேவையென்றால் அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் இன்றே காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் அதையும் அங்கேயே கேளுங்கள்.