ஆன்டிபயாடிக் பவுடர்: அளவு தண்ணீருக்கு இல்லை, கோட்டுக்கு

கேள்வி: குழந்தைக்கு ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும்? ஃப்ரிட்ஜில் வைத்தால் மீதியை அடுத்த காய்ச்சலுக்குக் கொடுக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அநேகமாக இந்நேரம் பாட்டில் உங்கள் கையில் இருக்கும், குழந்தை அழுதுகொண்டிருக்கும், அதனால் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எத்தனை மி.லி., எத்தனை வேளை, எத்தனை நாள் என்பது உங்கள் டாக்டர் எழுதியதுதான், அதில் நான் தலையிடவில்லை. "கடையிலேயே கலந்து வாங்கினால் போச்சு, இதற்கு எதற்கு இவ்வளவு நீளம்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். கலந்து தருகிற இடத்தில் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பாதி பேர் பவுடராகவே வாங்கிப்போய் வீட்டில்தான் கலக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். அவள் பையனுக்குக் காதில் சீழ். 30 மி.லி. பாட்டில் இரண்டு கொடுத்திருந்தார்கள். 5 மி.லி.க்கு 125 மி.கி. மருந்து என்று லேபிளில் இருக்கிறது. ஒரு வேளைக்கு 5 மி.லி., காலையும் இரவும். அப்படியென்றால் முதல் பாட்டில் சரியாக ஆறு வேளைக்கு வர வேண்டும், மூன்றாம் நாள் இரவோடு தீர வேண்டும். நான்காம் நாள் காலையில் அக்கா போன் பண்ணி, "ஏன்டா, இன்னும் ஒரு வேளைக்கு மிச்சம் நிக்குதே, நான் குறைச்சுக் குடுத்துட்டேனா?" என்றாள்.

அவள் குறைத்துக் கொடுக்கவில்லை. யார் கலந்தது என்று கேட்டேன். அவள் மாமியார். பாட்டிலில் 30 மி.லி. என்று போட்டிருக்கிறதே என்று, அளவு மூடியில் அளந்து 30 மி.லி. தண்ணீரைச் சுத்தமாக ஊற்றியிருக்கிறார். அத்தை மேல் தப்புச் சொல்ல மாட்டேன், எழுதியிருப்பதைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த 30 மி.லி. தண்ணீரின் அளவு இல்லை. பவுடரும் தண்ணீரும் சேர்ந்து வர வேண்டிய மொத்த அளவு. பவுடரும் இடத்தை அடைக்கும் அல்லவா? அது 5 மி.லி. அளவு இடம் எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மொத்தம் 35 மி.லி. ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் மருந்து என்னவோ அதே 750 மி.கி.தான். இப்போது 5 மி.லி. எடுத்தால் 125 வராது, சுமார் 107 மி.கி.தான் வரும். மூன்று நாளும் பையனுக்கு ஏழில் ஒரு பங்கு குறைவாகவே போயிருக்கிறது.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. தண்ணீர் குறைந்து 25 மி.லி.யில் நின்றால் ஒரு வேளைக்கு 150 மி.கி. போகும், பாட்டில் ஐந்து வேளையிலேயே காலியாகும். ஆகவே சரியாக அளந்து கொடுத்தும் பாட்டில் சீக்கிரம் தீர்ந்தாலோ தீராமல் நின்றாலோ, கலந்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். நீங்களாக நாளைக் கூட்டிக் குறைக்காமல் டாக்டரைக் கேளுங்கள். அக்காவையும் அதைத்தான் செய்யச் சொன்னேன்.

கலக்கும் முறை இதுதான். பாட்டிலைச் சுற்றி ஒரு கோடு இருக்கும், அல்லது லேபிள் ஓரத்தில் அம்புக்குறி. தண்ணீர் ஊற்றும் முன் அதைக் கண்டுபிடித்துவிடுங்கள். (சில கம்பெனிகள் கோட்டின் மேலேயே லேபிளை ஒட்டிவைக்கும். யார் யோசித்துச் செய்கிறார்களோ.) மூடியைத் திறக்காமல் பாட்டிலை உள்ளங்கையில் தட்டி, அடியில் இறுகியிருக்கும் பவுடரை உதிர்த்துவிடுங்கள். கொதிக்கவைத்து முழுவதும் ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். சூடு இருந்தால் மருந்தே கெடும். குலுக்கியதும் நுரை எழும், அது அடங்கட்டும். அடங்கியபின் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். அப்போதுதான் கோடுவரை மீதித் தண்ணீர். மறுபடி குலுக்கல். நுரையைப் பார்த்து "கோடு வந்தாச்சு" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பெட்டிக்குள்ளேயே தண்ணீர்க் குப்பி வந்திருந்தால், அது அந்தப் பவுடருக்கென்று அடைத்துத் தந்தது. லேபிளில் சொல்லியிருக்கிறபடி அதையே ஊற்றுங்கள்.

ஒவ்வொரு வேளைக்கும் முன் குலுக்க வேண்டும். மருந்து கரைவதில்லை, மிதக்கிறது. குலுக்காவிட்டால் முதல் நாள் வெறும் தண்ணியாகவும் கடைசி நாள் கெட்டியாகவும் போகும். அளக்க ஊசியில்லாத சிரிஞ்சோ, கூட வரும் அளவு மூடியோ போதும். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

இதையெல்லாம் கவுன்டரில் சொல்ல ஆரம்பித்தால் "சரி சரி, பில்லைப் போடுங்க" என்பார்கள். ஒரு கல்யாணத்தில் தூரத்து மாமா ஒருவர், "அட்டையை வெட்டிக் கொடுக்கறதுக்கு நாலு வருஷம் படிப்பா?" என்று பந்தியிலேயே கேட்டார். போகட்டும்.

ஃப்ரிட்ஜுக்கு வருவோம். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்து பவுடராக இருக்கும்வரை வெளியே தாங்கும். தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து அதன் மூலக்கூறு மெல்ல உடையத் தொடங்கும், கிளாவுலனிக் அமிலம் இன்னும் வேகமாக. குளிர் அந்த உடைதலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதனால்தான் 2 முதல் 8 டிகிரி. கதவுப் பக்கம் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். ஃப்ரீசர் கூடவே கூடாது. எல்லா ஆன்டிபயாடிக்கும் ஃப்ரிட்ஜில்தான் என்றும் நினைக்காதீர்கள். கிளாரித்ரோமைசினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, வெளியேதான் வைக்க வேண்டும். லேபிள் என்ன சொல்கிறதோ அது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பாட்டிலில் அச்சடித்த காலாவதித் தேதி பவுடருக்கு. கலந்தபின் அது செல்லாது. "கலந்தபின் 7 நாள்" என்று லேபிளில் இருந்தால் ஃப்ரிட்ஜிலேயே இருந்தாலும் 7 நாள்தான். கலந்த தேதியைப் பேனாவால் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள். நிறம் மாறவில்லை, வாசனை நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் மருந்து உயிரோடு இருப்பதற்குச் சாட்சி இல்லை. பழுப்பேறினால் தேதிக்கு முன்பே தூக்கிப் போடுங்கள். அடுத்த காய்ச்சல் வைரஸ் காய்ச்சலாக இருந்தால் புது மருந்தே வேலை செய்யாது, இந்த மிச்சம் என்ன செய்யும்? இரண்டு பாட்டில் கொடுத்திருந்தால் ஒன்று தீர்ந்தபின் மற்றதைக் கலக்குங்கள். இரண்டையும் சேர்த்துக் கலந்தால் இரண்டுக்கும் நாள் ஓட ஆரம்பித்துவிடும்.

மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். மருந்துக்கடையில் திருப்பி வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மண்ணோ மரத்தூளோ போட்ட பிளாஸ்டிக் பையில் கொட்டி, இறுகக் கட்டி, குழந்தை கைக்கு எட்டாமல் குப்பையில் போடுங்கள். காலி பாட்டிலைக் கழுவி எடுத்துவைக்கவும் வேண்டாம், கழுவிய தண்ணீரும் அதே சாக்கடைக்குத்தான் போகும்.