கிரியாட்டினின் 1.6, டயாலிசிஸ் எப்ப வரும்?

"வயசு 54, சுகர் 9 வருஷமா இருக்கு. போன வருஷம் கிரியாட்டினின் 1.3, இப்ப 1.6, இ-ஜிஎஃப்ஆர் 51. கிட்னி பாதி போச்சுன்னு லேப்லயே சொல்லிட்டாங்க. முட்டி வலிக்கு அசிக்ளோஃபெனாக் போடுவேன். பிபிக்கு போட்ட டெல்மிசார்டன் கிட்னியைக் கெடுக்கும்னு யூடியூப்ல பார்த்து நிறுத்திட்டேன். முதுகும் வலிக்குது. பருப்பு, தக்காளியை விட்டாச்சு, தினம் 5 லிட்டர் தண்ணி குடிக்கிறேன். டயாலிசிஸ் எப்ப வரும் டாக்டர்?"

இந்த நம்பருக்கு டயாலிசிஸ் பேச்சே கிடையாது. அதெல்லாம் பொதுவா, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டுற இ-ஜிஎஃப்ஆர் 10 பக்கம் இறங்கி, கூடவே வாந்தி, மூச்சுத் திணறல், பொட்டாசியம் ஏறுறதுன்னு தொந்தரவும் சேர்ந்தாத்தான் யோசிப்போம். நீங்க 51ல இருக்கீங்க.

கிரியாட்டினின்ங்கிறது தசையில தினமும் உண்டாகிற கழிவு, கிட்னி அதை வெளியேத்துது, சரியா வெளியேத்தலன்னா ரத்தத்துல தேங்கும், அவ்வளவுதான். ஆனா அது ஏறுற விதம் ஏமாத்தும். உங்க வயசு ஆம்பளைக்கு 0.9 இருந்தா இ-ஜிஎஃப்ஆர் சுமார் 100. அது 1.3 ஆனா 66. பார்க்க 0.4தான், ஆனா இ-ஜிஎஃப்ஆர்ல 30க்கு மேல குறைஞ்சுடுச்சு. அதுவே 5லருந்து 6க்கு ஏறினா இறங்குறது ஏதோ ரெண்டு மூணுதான். நிறைய லேப் ரிப்போர்ட்ல 1.3 வரைக்கும் நார்மல்னு அச்சடிச்சிருப்பாங்க, அதனால போன வருஷமே 66ஆ இருந்தது உங்க கண்ல படல. அதனாலதான் வயசையும் ஆணா பெண்ணாங்கிறதையும் சேர்த்து இ-ஜிஎஃப்ஆர் கணக்குப் போடுறோம். உங்க 1.6க்கு 51 வருது, அதே 1.6 ஒரு 70 வயசு பாட்டிக்கு இருந்தா 34தான் வரும், தசை கம்மிங்கிறதால.

இந்த 51ஐயும் கல்வெட்டு மாதிரி எடுத்துக்காதீங்க. முந்தின நாள் ராத்திரி மட்டனை வெளுத்துக் கட்டிட்டு காலையில ரத்தம் கொடுத்தாலே கொஞ்சம் ஏறும், வயித்துப்போக்கா இருந்தா ஏறும், அசிக்ளோஃபெனாக் போட்டா கிட்னிக்குப் போற ரத்தமே குறையும். சுகர் இருக்கிற ஒருத்தர் இதை மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுறதுதான் எனக்கு கோபம். இன்னைக்கே நிறுத்துங்க. முட்டிக்கு பாராசிட்டமால், தைலம் போதும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுங்க, கொஞ்சம் இறங்கவும் வாய்ப்பு இருக்கு. 3 மாசம் தாண்டியும் 60க்கு கீழேயே நின்னா அதுக்கு நாள்பட்ட கிட்னி நோய்னு பேர்.

நீங்க கேட்காம விட்டதுதான் எனக்கு பெரிய கவலை. 9 வருஷ சுகர், ஆனா யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம் ஒழுகுதான்னு பார்த்ததா ஒரு வரி கூட இல்ல. காலையில முதல் யூரின், அதுல ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம்னு கேளுங்க, ஏசிஆர்னு சொன்னா லேப்ல புரியும். 30க்கு கீழே இருந்தா நல்லது, 30லருந்து 300ன்னா கவனிக்கணும், 300க்கு மேலன்னா உடனே நெஃப்ராலஜிஸ்ட். ஒரே 51ல ரெண்டு பேர் இருக்காங்கன்னு வைங்க, ஒருத்தருக்கு ஏசிஆர் 12, அவர் வருஷக்கணக்கா அதே இடத்துல இருக்கலாம், இன்னொருத்தருக்கு 600, அவருக்குத்தான் வேகமா இறங்கும். டாய்லெட்ல நுரை வருதான்னு பார்த்துட்டு இருக்காதீங்க, நுரை தெரியுற அளவுக்கு வர்றதுக்குள்ள ரொம்ப ஒழுகியிருக்கும். காய்ச்சலோ யூரின் இன்ஃபெக்ஷனோ இருக்கிறப்ப எடுக்காதீங்க, தப்பா ஏறும், அதிகமா வந்தா இன்னொரு தடவை பார்த்துக்கலாம்.

அந்த ஆல்புமின் ஒழுகலைக் குறைக்கிற மாத்திரையைத்தான் யூடியூப் பார்த்து தூக்கிப் போட்டுட்டீங்க! டெல்மிசார்டன் ஆரம்பிச்சதும் கிரியாட்டினின் லேசா ஏறும், 30 சதவீதம் வரைக்கும் ஏறினா நாங்க பயப்பட மாட்டோம், வடிகட்டியில பிரஷர் குறையுதுன்னு அர்த்தம். வீடியோக்காரங்க அந்த ஏத்தத்தை மட்டும் காட்டி பயமுறுத்துறாங்க. நீங்களா மறுபடி ஆரம்பிக்காதீங்க, டாக்டர்கிட்ட பிபி, பொட்டாசியம் பார்த்துட்டு ஆரம்பிங்க, ரெண்டு வாரத்துல ரத்த டெஸ்ட். வாந்தி பேதி வந்தா மட்டும் அந்த நாலு நாள் நிறுத்தி வைக்கலாமான்னு அவர்கிட்டயே முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

மத்ததெல்லாம் விடுங்க. முதுகு வலி கிட்னியால இல்ல, இந்த நோய் வலிக்காது. பருப்பு சாப்பிடுங்க, பொட்டாசியம் ஏறாத வரைக்கும் தக்காளிக்கு தடை இல்ல, தண்ணி தாகத்துக்கு குடிங்க, 5 லிட்டர் குடிச்சு கிட்னியைக் கழுவ முடியாது. கிட்னிக்கு நல்லதுன்னு வர்ற பொடி, கஷாயம் எதையும் வீட்டுக்குள்ள விடாதீங்க. முகம் கால் வீங்கினாலோ, யூரின் திடீர்னு குறைஞ்சாலோ, மூச்சு வாங்கினாலோ இந்த ரெண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.