தீ ஒத்திகைச் சுற்றறிக்கையில் வார்டன் பொறுப்பையும் கூடுமிடத்தையும் எப்படி எழுதுவது?

கேள்வி: சென்னையில் ஐந்து மாடி அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். தீ ஒத்திகைக்குச் சுற்றறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தள வார்டன்களின் வேலை, கூடுமிடம் இரண்டையும் எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் அதிகாரி முதலில் கேட்பது, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்றுதான். அதற்கு உடனே பதில் கிடைக்கும்படி சுற்றறிக்கையை எழுதுங்கள்.

"வார்டன் ஊழியர்களைப் பாதுகாப்பாக வெளியேற்றுவார்" என்ற வரி யாருக்கும் உதவாது. அவர் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். மூன்றாம் தளத்தை எடுத்துக்கொள்வோம்:

"மூன்றாம் தள வார்டன் படிக்கட்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையில் தொடங்கி, கூட்ட அறை, கழிப்பறை, உணவு அறை, சர்வர் அறை என்று பார்த்தபடி படிக்கட்டை நோக்கி வருவார். பார்த்த அறையின் கதவைச் சாத்துவார், பூட்டமாட்டார். புகை வழிமறித்தால் அந்த அறையை விட்டுவிட்டு இறங்குவார். கூடுமிடத்தில் தலைமை வார்டனிடம், பார்த்த இடங்களையும் பார்க்க முடியாத இடத்தையும் சொல்வார்."

பார்க்க முடியாத இடத்தைச் சொல்வதுதான் இதில் முக்கியம். தீயணைப்பு வீரர்கள் தேடலை அங்கிருந்தே தொடங்குவார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் துணை வார்டன் ஒருவரையும் நியமியுங்கள். இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு தரக்கூடாது என்பதையும் எழுதுங்கள். இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வருகைப் பதிவை மட்டும் வைத்து எண்ணினால் துப்புரவுப் பணியாளர்களும் பார்வையாளர்களும் கணக்கில் வரமாட்டார்கள். எனவே பார்வையாளர் பதிவேட்டைக் கையோடு கொண்டுவருவது காவலாளியின் பொறுப்பு என்று குறிப்பிடுங்கள்.

கூடுமிடம் என்றதும் பலர் வாசல் முன்புறத்தை எழுதிவிடுகிறார்கள். வண்டி நுழைவதும் முகப்புக் கண்ணாடி உடைந்து விழுவதும் அங்கேதான். அடித்தள வாகன நிறுத்தமும் கூடாது. கட்டடத்துக்குள் இருப்பது வெளியேறியதாகாது. கட்டடத்தின் உயரத்துக்குக் குறையாத தூரத்தில், சாலையைக் கடக்காமலே போய்ச்சேரும் இடம் நல்லது.

சென்னைக்கு இன்னொன்றும் இருக்கிறது. கோடையில் பிற்பகலில் பெரும்பாலும் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். புகை மேற்கே போகும். மேற்குப் பக்கத்தில் மட்டும் கூடுமிடம் வைத்தால் வெளியேறியவர்கள் புகைக்குள் நிற்பார்கள். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்களைக் குறித்து, காற்றைப் பார்த்து எது என்று முடிவு செய்வது தலைமை வார்டன் என்று எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழையில் அந்த இரண்டிலும் தண்ணீர் தேங்குகிறதா என்று இப்போதே காவலாளியிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

லிஃப்ட் கூடாது என்று எழுதும்போது, படி இறங்க முடியாதவர்களுக்கு யார் துணை என்பதையும் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு உதவியாளர்களின் பெயரை முன்கூட்டியே அவரவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியல் அறிவிப்புப் பலகைக்குப் போகக்கூடாது, வார்டனிடம் இருந்தால் போதும்.