2×2 அணியின் ஐகன் வெக்டர்: என் விடையும் புத்தக விடையும் ஏன் ஒத்துப்போகவில்லை?

*கேள்வி: ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்ங்க, இப்போ கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் முதல் வருசம். 2×2 மேட்ரிக்ஸ்க்கு ஐகன் மதிப்பு எப்படியோ வந்துடுதுங்க. ஐகன் வெக்டர் மட்டும் ஒருதடவை (0, 0)னு வருது, இன்னொரு தடவை புத்தகத்துல இருக்கறது ஒண்ணு, எனக்கு வர்றது ஒண்ணு. தாள்ல எப்படிப் போட்டா தப்பு எங்கேன்னு தெரியுமுங்க?*

உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு சிக்கல்கள். (0, 0) வந்தால் உங்கள் கணக்கில் கட்டாயம் ஒரு தவறு இருக்கிறது. புத்தக விடையோடு ஒத்துப்போகவில்லை என்பது பெரும்பாலும் தவறே அல்ல. இரண்டையும் ஒரே கணக்கில் பார்த்துவிடலாம். குறை எண்கள் இருக்கும் அணியாக எடுத்துக்கொள்கிறேன், கை தடுமாறுவது அங்கேதான்.

```
A = |  5  -2 |
    |  7  -4 |
```

நாம் தேடுவது, A-ஆல் பெருக்கினாலும் தன் கோட்டை விட்டு விலகாத வெக்டரை. நீளலாம், சுருங்கலாம், நேரெதிராகத் திரும்பலாம், ஆனால் அதே கோட்டில்தான் நிற்கும். எத்தனை மடங்கு ஆனது என்பதுதான் λ. ஜெர்மன் மொழியில் ‘ஐகன்’ என்றால் ‘தனக்கே உரிய’ என்று பொருள். 1904-ல் ஹில்பர்ட் இந்தச் சொல்லை இந்த இடத்தில் பயன்படுத்தினார். சமன்பாடாக எழுதினால் AX = λX, அதாவது (A − λI)X = 0. X பூச்சியம் ஆகக்கூடாது என்றால் A − λI-யின் அணிக்கோவை பூச்சியமாக இருக்க வேண்டும். பள்ளியில் சமப்படித்தான சமன்பாடுகளுக்கு வெளிப்படையற்ற தீர்வு வேண்டுமென்றால் அணிக்கோவை பூச்சியமாக வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அதேதான் இது.

தாளில் முதல் வரி இப்படி இருக்கட்டும்:

(5 − λ)(−4 − λ) − (−2)(7) = 0

λ-வை முதன்மை மூலைவிட்டத்தில் இருக்கும் 5, −4 இரண்டிலிருந்து மட்டுமே கழிக்க வேண்டும். அவசரத்தில் நான்கு உறுப்புகளிலிருந்தும் கழித்துவிட்டால் அது தானாகவே வெளியே தெரிந்துவிடும்: விரிக்கும்போது λ² அடித்துக்கொண்டு போய்விடும். இந்தக் கணக்கில் 4λ − 6 = 0 என்று மட்டும் மிஞ்சும். எந்த 2×2 அணியிலும் இப்படித்தான் ஆகும். ஆகவே சிறப்பியல்புச் சமன்பாட்டில் λ² காணாமல் போனால் மேலே போகாதீர்கள், முதல் வரிக்குத் திரும்புங்கள்.

அடுத்தது, −(−2)(7). இது +14. இதை −14 என்று போட்டால் λ² − λ − 34 = 0 வரும், வர்க்கமூலத்துக்குள் 137 வந்து நிற்கும். வகுப்பில் தரும் கணக்குகள் பெரும்பாலும் முழு எண் விடை வரும்படி அமைக்கப்பட்டவை. அதனால் 137 போன்ற எண்ணைப் பார்த்தால், சூத்திரத்தில் இறங்கும் முன் குறிகளை ஒருமுறை பாருங்கள். சரியாகப் போட்டால்:

λ² − λ − 6 = 0
(λ − 3)(λ + 2) = 0
λ = 3, λ = −2

மூலங்களின் கூட்டுத்தொகை 1. மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை 5 + (−4), அதுவும் 1. மூலங்களின் பெருக்கற்பலன் −6, A-யின் அணிக்கோவையும் −20 + 14 = −6. இந்தச் சரிபார்ப்பை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ‘λ² − (கூட்டுத்தொகை)λ + அணிக்கோவை = 0’ என்ற குறுக்கு வழியில் சமன்பாட்டை எழுதிவிட்டு, அதே இரண்டு எண்களை வைத்து மூலங்களைச் சரிபார்த்தால், காரணிப்படுத்தியது சரியா என்பது மட்டும்தான் தெரியும். அணிக்கோவையையே தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பும் சேர்ந்து தேர்ச்சி பெற்றுவிடும். அதனால் நம்ப வேண்டியது அடுத்த படியில் வரும் சோதனையை.

முதலில் λ = 3. மூலைவிட்டத்தில் 5 − 3 = 2, −4 − 3 = −7. மற்ற இரண்டும் அப்படியே:

```
|  2  -2 |
|  7  -7 |
```

இரண்டு நிரைகளும் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன: x = y. ஐகன் வெக்டர் (1, 1). λ சரியாக இருந்தால் இரண்டாம் நிரை முதல் நிரையின் மடங்காகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அணிக்கோவை பூச்சியம் ஆகும்படி தேர்ந்தெடுத்த λ அது. இந்தச் சோதனைக்குக் குறுக்குப் பெருக்கல் ஒன்று போதும்: 2 × (−7) = −14, (−2) × 7 = −14. சமம், மேலே போகலாம்.

இப்போது λ = −2. உங்கள் (0, 0) வந்த இடம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். கழிக்க வேண்டியது −2-ஐ, ஆகவே 5 − (−2) = 7, −4 − (−2) = −2. பலர் குறியை விட்டுவிட்டு 2-ஐக் கழித்துவிடுவார்கள். அப்போது 3-உம் −6-உம் வந்து, 3x − 2y = 0, 7x − 6y = 0 என்று நிற்கும். குறுக்கே பெருக்கினால் ஒரு பக்கம் −18, மறுபக்கம் −14. நிரைகள் ஒத்துப்போகவில்லை. தீர்த்துப் பார்த்தால் x = 0, y = 0 தவிர வேறு வழியில்லை. இந்த இடத்தில் ‘இந்த λ-வுக்கு ஐகன் வெக்டர் (0, 0)’ என்று எழுதிவிடக் கூடாது. பூச்சிய வெக்டர் ஐகன் வெக்டரே அல்ல. ‘நீ போட்ட எண் ஐகன் மதிப்பு அல்ல’ என்றுதான் தாள் சொல்கிறது. ஒன்று λ தப்பு, அல்லது இங்கே நடந்ததுபோல பிரதியிட்டது தப்பு. காரணிப்படுத்தும்போது குறி மாறி 2, −3 என்று எடுத்தவர்களுக்கும் λ = 2 போடும்போது இதே எண்கள்தான் வரும்.

சரியாகப் போட்டால்:

```
|  7  -2 |
|  7  -2 |
```

7x − 2y = 0, அதாவது 7x = 2y. இங்கே அடுத்த வழுக்கல்: 7-ஐ x பக்கமும் 2-ஐ y பக்கமும் பார்த்துவிட்டு (7, 2) என்று எழுதுவது. x-க்கு 2 போட்டால்தான் இடப்பக்கம் 14, y-க்கு 7 போட்டால்தான் வலப்பக்கம் 14. விடை (2, 7). மனதில் வைக்க ஒரு வழி: நிரை (p, q) என்றால் வெக்டர் (−q, p). எண்களை இடம் மாற்றி, ஒன்றின் குறியை மட்டும் மாற்றுங்கள். (7, −2) என்ற நிரைக்கு (2, 7). ஒரு நிரை முழுக்கப் பூச்சியமாக இருந்தால் மற்ற நிரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சரிபார்ப்பை வினாத்தாளில் இருக்கும் A-யை வைத்தே செய்யுங்கள். நீங்கள் பெயர்த்தெழுதிய A-யில் ஒரு எண் மாறியிருந்தால் அதுவும் இங்கே பிடிபடும். (1, 1)-க்கு: 5 − 2 = 3, 7 − 4 = 3. கிடைத்தது (3, 3), அது 3 மடங்கு (1, 1). அடுத்து (2, 7)-க்கு:

முதல் நிரை: 5×2 − 2×7 = 10 − 14 = −4
இரண்டாம் நிரை: 7×2 − 4×7 = 14 − 28 = −14

(−4, −14) என்பது −2 மடங்கு (2, 7). சரி. தப்பான (7, 2)-ஐப் போட்டிருந்தால் (31, 41) வந்திருக்கும். 7-ஐ 31 ஆக்கும் எண் 2-ஐ 41 ஆக்காது, ஆக அந்த வெக்டர் கோட்டை விட்டு விலகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

இனி புத்தக விடை. (2, 7) ஐகன் வெக்டர் என்றால் (−2, −7), (1, 3.5), (2/7, 1) எல்லாமே அதே λ-வுக்கு ஐகன் வெக்டர்கள்தான். சில புத்தகங்கள் நீளம் 1 ஆகும்படி √53-ஆல் வகுத்தும் தரும். உங்கள் விடையையும் புத்தக விடையையும் குறுக்கே பெருக்குங்கள், சமமாக வந்தால் இரண்டும் ஒன்றே. இன்னொன்று, புத்தகம் −2-ஐ முதலிலும் 3-ஐ அடுத்தும் எழுதியிருக்கலாம். வரிசை மாறலாம், ஆனால் எந்த வெக்டர் எந்த λ-வோடு சேர்ந்தது என்பது மாறக்கூடாது. விடை எழுதும்போது ‘λ = −2-க்கு X = (2, 7)’ என்று ஜோடியாகவே எழுதுங்கள்.

இரு மூலங்களும் ஒன்றாக வந்தால் குழம்ப வேண்டாம். மேல் நிரை 3, 1, கீழ் நிரை 0, 3 என்ற அணிக்கு λ = 3, 3. பிரதியிட்டால் y = 0 மட்டும் கிடைக்கும், வெக்டர் (1, 0). அதற்கு வேறு திசையில் இரண்டாவது வெக்டர் கிடையாது, தேடினாலும் வராது.

தசமம் இருக்கும் அணி ஒன்றையும் பார்த்துவிடலாம். நம் பக்கம் எதிரெதிரே இரண்டு பேக்கரி இருப்பது புதிதல்ல. ஒரு கணக்குக்காக, 500 பேர் வாரம் ஒருமுறை ஏதாவது ஒன்றுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைக்குப் போனவர்களில் 0.8 பங்கு அடுத்த வாரமும் அங்கேயே, 0.2 பங்கு எதிர்க்கடைக்கு. எதிர்க்கடைக்காரர்களில் 0.7 பங்கு அங்கேயே, 0.3 பங்கு இந்தப் பக்கம்.

```
| 0.8  0.3 |
| 0.2  0.7 |
```

தசமத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 10-ஆல் பெருக்கி 8, 3, 2, 7 என்று போடுங்கள். λ² − 15λ + 50 = 0, மூலங்கள் 10, 5. வெக்டர்கள் முறையே (3, 2), (1, −1). பெருக்கியதால் வெக்டர் மாறாது, மதிப்பு மட்டும் 10 மடங்கு ஆகியிருக்கிறது. அதைத் திரும்ப வகுத்து 1, 0.5 என்று எழுத மறந்துவிடாதீர்கள்.

முதல் வாரம் 500 பேரும் முதல் கடையில் என்றால், (500, 0) = 100 × (3, 2) + 200 × (1, −1). ஒவ்வொரு வாரமும் முதல் பகுதி அப்படியே நிற்கும், இரண்டாம் பகுதி பாதியாகும். அடுத்த வாரம் (300 + 100, 200 − 100) = (400, 100). நேராகப் பெருக்கினாலும் 0.8 × 500 = 400, 0.2 × 500 = 100. அதற்கடுத்து (350, 150), பிறகு (325, 175). இப்படியே 300-க்கு 200 என்ற நிலையை நெருங்கிக்கொண்டே போகும்.