பை சார்ட்டை விட்டுவிட்டு ஒரே வரியில் சொல்வது

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் 40 தென்னை விவசாயிகளிடம் காயை எப்படி விற்கிறீர்கள் என்று கேட்டோம். தோப்புக்கு வரும் வியாபாரிக்கு 26 பேர், பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய் 9 பேர், கொப்பரையாக்கி 5 பேர். லிங்க்ட்இனில் போட இதை எப்படிப் படமாக்குவது?

பதில்: முதலில் தலைப்பை எழுதுங்கள், படம் அப்புறம். "தேங்காய் விற்பனை: சர்வே முடிவுகள்" என்பது ஃபைலின் பெயர். "40 பேரில் 26 பேர் தோப்பிலேயே விற்கிறார்கள்" என்பதுதான் தலைப்பு.

படத்துக்குப் பை சார்ட் வேண்டாம், படுக்கைப் பட்டைகள் மூன்று போதும். பெரியது மேலே, பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். 20-இல் தொடங்கினால் 26 மட்டும் தெரியும், மற்ற இரண்டும் காணாமலே போகும். முதல் பட்டைக்கு மட்டும் அடர்பச்சை, மற்றவை சாம்பல். எண்ணைப் பட்டையின் நுனியிலேயே எழுதிவிட்டால் அச்சுக்கோடும் நிறக்குறிப்பும் தேவையில்லை.

சதவீதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 9 பேரை 22.5% என்று எழுதினால் அரை ஆள் வரைக்கும் அளந்ததுபோல் ஒரு பாவனை வந்துவிடும். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருந்தால்கூட, 40 பேரில் 26 பேர் என்ற 65% சுமார் 15 புள்ளி மேலும் கீழும் ஆடும். தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. ஆகவே ஆள் எண்ணிக்கையையே போடுங்கள். "பாலக்காட்டு விவசாயிகள்" என்று விரிக்கவும் வேண்டாம்.

அடியில் ஒரு வரி: எத்தனை பேர், எந்த ஊர், எந்த மாதம், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள். வேளாண் அதிகாரியோ வங்கிக்காரரோ முதலில் தேடுவது அதைத்தான்.

1080×1350 அளவில் செய்து, போனில் கை நீட்டிப் பாருங்கள். அடிவரி படிக்க முடியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். படத்தை ஃபைலாகச் சேமித்ததும் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், எனக்கு ஒருமுறை மாறிவிட்டது.